முதல் பதிப்பு 500 பிரதிகள்: வாசகர்களிடம் நிதி திரட்டி அச்சிடுவதற்கான திட்டமும் கணக்கும்

சிறிய பதிப்பகம் நடத்துகிறீர்கள், கையெழுத்துப் பிரதி தயார், அச்சகத்துக்குக் கொடுக்கத்தான் பணம் இல்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கி அச்சிடுவது தமிழில் புதிதல்ல, முன்வெளியீட்டுத் திட்டம் என்ற பெயரில் நெடுநாளாக நடக்கிறது. கூட்டு நிதி என்று இப்போது சொல்வதும் ஏறக்குறைய அதுதான். இலக்கை வெளிப்படையாகச் சொல்வதும், பணம் கொடுப்பவருக்குப் பல விலைகளில் பல சலுகைகள் வைப்பதும்தான் கூடுதல். பெரும்பாலான முயற்சிகள் சறுக்குவது வாசகர்கள் ஆதரிக்காததால் அல்ல. இலக்குத் தொகையைத் தப்பாகப் போடுவதால்தான். அதனால் இங்கே கணக்குக்கே அதிக இடம்.

தமிழ்நாட்டில் இயங்கும் ஒரு பதிப்பகம், டெமி அளவில் 240 பக்க நாவல் ஒன்று, 500 பிரதிகள் என்று வைத்துக்கொண்டு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். விலைகள் மாதிரிக்குத்தான். உங்கள் அச்சகம் சொல்லும் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. முதலில் ஆவணங்கள்

பிரசாரம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே இவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

எழுத்தாளரோடு ஒப்பந்தம். ராயல்டி எவ்வளவு, முன்பதிவில் விற்கும் பிரதிக்கும் ராயல்டி உண்டா, அவருக்கு எத்தனை இலவசப் பிரதி, கையெழுத்திட்டுத் தரச் சம்மதமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் மூல நூலின் உரிமை எழுத்தில் வந்து சேரும்வரை ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். உரிமை கிடைக்காமல் போனால் அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்ப வேண்டிவரும்.

பதிப்பகத்தின் பெயரில் நடப்புக் கணக்கு. தனிநபர் உரிமை நிறுவனம் என்றால் நிறுவனத்தின் பெயரில் இரண்டு சான்றுகளை வங்கி பொதுவாகக் கேட்கும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அதில் ஒன்றாகும், அது இலவசம். சொந்தச் சேமிப்புக் கணக்கின் க்யூஆர் கோடைப் போட்டுப் பணம் வாங்கினால், எது வீட்டுப் பணம், எது வாசகர் பணம் என்று மூன்றாவது வாரத்திலேயே குழம்பிவிடும்.

ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண். இந்தியாவில் இதற்குக் கட்டணம் இல்லை. isbn.gov.in தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதல்முறை பதிவு செய்யும் பதிப்பகத்துக்குச் சரிபார்ப்பு நடக்கும் என்பதால் நாளாகும். எண் வராமல் பின்னட்டையை முடிக்க முடியாது. அட்டை முடியாமல் அச்சு நகராது.

பணம் வாங்கும் வழி. கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளத்தில் இந்தியாவில் இருந்துகொண்டு பிரசாரம் தொடங்க முடியாது, ஆதரிக்க மட்டுமே முடியும். உள்நாட்டுத் தளங்களில் பெரியவை மருத்துவ உதவிக்கானவை, புத்தகம் அங்கே எடுபடாது. எனவே சொந்தப் பக்கம் ஒன்றும், அதில் பேமென்ட் கேட்வே ஒன்றும் போதும். கேட்வே நிறுவனம் உங்கள் பக்கத்தில் தொடர்பு முகவரி, பணம் திருப்பும் விதி, அனுப்பும் விதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுமதி தரும். இதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

## 2. அச்சகத்திடம் விலை வாங்குதல்

"240 பக்கம், 500 காப்பி, எவ்வளவு ஆகும்?" என்று ஃபோனில் கேட்டால் வரும் தொகையை வைத்துத் திட்டம் போடாதீர்கள். அளவு, பக்கம், உள்தாளின் வகையும், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற ஜிஎஸ்எம்மும், அட்டையின் ஜிஎஸ்எம், லேமினேஷன் மேட்டா பளபளப்பா, பைண்டிங் ஒட்டா தையலா, ஜிஎஸ்டி உட்பட்டதா, புத்தகக் கட்டுகளை உங்கள் இடத்தில் இறக்கும் செலவு யாருடையது என்பவை எழுத்தில் வர வேண்டும்.

ஜிஎஸ்டி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அச்சிட்ட புத்தகத்தின் விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனாலேயே, அச்சகத்துக்கு நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியை எங்கும் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது முழுக்க உங்கள் செலவுதான். வரியில்லாமல் சொன்ன விலையைக் கணக்கில் எழுதினால் கடைசியில் அந்தத் தொகை அளவுக்குத் துண்டு விழும்.

இன்னொன்று, தாள் விலை ஏறி இறங்கும் என்பதால் அச்சகங்கள் தரும் விலை பெரும்பாலும் சில வாரங்களுக்கே செல்லும். உங்கள் பிரசாரமோ ஒரு மாதம் ஓடும். முடியும் தேதிவரை அந்த விலை நிற்குமா என்று கேளுங்கள். நிற்காது என்றால் அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கியே ஆக வேண்டும்.

நம் உதாரணத்துக்கு: ஆஃப்செட்டில் 500 பிரதி, வரி உட்பட ₹42,500, அதாவது பிரதிக்கு ₹85. 1,000 பிரதி என்றால் ₹60,000, பிரதிக்கு ₹60. பிளேட், மெஷின் ஏற்றும் கூலி எல்லாம் எத்தனை பிரதி ஓட்டினாலும் ஒன்றுதான் என்பதால் எண்ணிக்கை கூடக்கூட விலை இறங்குகிறது. ₹60 என்ற எண்ணைப் பார்த்து ஆயிரத்துக்குப் போகாதீர்கள். கூடுதலாக ₹17,500 கொடுத்து, வீட்டில் அடுக்கிவைக்க 500 புத்தகம் வாங்குகிறீர்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். ஒரு வருடத்துக்குள் உறுதியாக எத்தனை பிரதி வெளியே போகும் என்பதே முதல் பதிப்பின் எண்ணிக்கை.

## 3. தாளைத் தபால் எடையை வைத்து முடிவு செய்யுங்கள்

பதிப்பாளர்கள் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். முதலிலேயே யோசிக்க வேண்டியது இது.

டெமி புத்தகத்தின் ஒரு தாள் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். 240 பக்கம் என்றால் 120 தாள். 70 ஜிஎஸ்எம்மில் உள்பக்கங்கள் ஏறக்குறைய 253 கிராம் வரும். 300 ஜிஎஸ்எம் அட்டைக்கு 19 கிராம். ஆக, புத்தகம் 272 கிராம். அதே புத்தகத்தை 80 ஜிஎஸ்எம்மில் அடித்தால் 308 கிராம்.

அஞ்சல் துறை 2025 மே முதல் புத்தகங்களுக்கென்று நடத்தும் ஞான் போஸ்ட் சேவையில் முதல் படிநிலை 300 கிராம், கட்டணம் ₹20, வரி தனி. 70 ஜிஎஸ்எம் புத்தகம் மெல்லிய உறையோடு அந்தப் படிநிலைக்குள் நிற்கும். கெட்டி அட்டைப் பெட்டியில் வைத்தாலோ நாலைந்து அஞ்சலட்டைகள் சேர்த்தாலோ தாண்டிவிடும். 80 ஜிஎஸ்எம் என்றால் புத்தகம் மட்டுமே தாண்டிவிடுகிறது. இரண்டு பிரதி சேர்த்து அனுப்பினால் 544 கிராம், அதாவது கூரியர்களில் வழக்கமான அரைக் கிலோ படிநிலையையும் கடந்துவிடும். "இரண்டு வாங்கினால் தபால் செலவு மிச்சம்" என்று நினைத்துச் சலுகை வைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

ஞான் போஸ்ட் கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கானது. நாவலையும் கவிதையையும் உங்கள் அஞ்சலகம் அதில் ஏற்கிறதா என்று வேறொரு புத்தகத்தை அனுப்பி முன்பே சோதித்துவிடுங்கள். கணக்கில் மட்டும் கூரியர் விலையையே எழுதுங்கள். நாம் உறை, முகவரி ஒட்டி, தபால் எல்லாம் சேர்த்து ஒரு பிரதிக்கு ₹60 வைக்கிறோம்.

## 4. மொத்தச் செலவு

அச்சு ₹42,500. பக்க வடிவமைப்பு பக்கத்துக்கு ₹30 வீதம் ₹7,200. மெய்ப்பு பார்க்கப் பக்கத்துக்கு ₹25 வீதம் ₹6,000. அட்டை வடிவமைப்பு ₹6,000. மாதிரிப் பிரதி, வண்டி வாடகை என்று ₹1,800. கூட்டினால் ₹63,500. தாள் விலை ஏற்றத்துக்கும் தொலைந்துபோகும் பார்சல்களுக்கும் ₹5,000 சேர்த்தால் ₹68,500.

மெய்ப்புக்கு நண்பர் இருக்கிறார், அட்டைக்குத் தம்பி இருக்கிறான் என்று அந்த வரிகளை அழிக்காதீர்கள். நண்பர் கடைசி வாரத்தில் ஊருக்குப் போய்விட்டால் வெளியாள் ஒருவருக்குக் கொடுத்தாக வேண்டும், அன்று பணம் இருக்காது.

இந்த ₹68,500 உங்கள் இலக்கு அல்ல. வாசகர் கொடுக்கும் பணத்தில் தபால், கேட்வே கட்டணம், ராயல்டி எல்லாம் போக உங்கள் கைக்கு வர வேண்டிய தொகை இது. அறிவிக்கும் இலக்கு இதைவிட நிறைய அதிகம்.

## 5. சலுகைகளும் விலையும்

புத்தகத்தின் விலை ₹320 என்று வைப்போம், ராயல்டி 10 சதவீதம். கேட்வே 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுத்தால் நூறு ரூபாய்க்கு ₹2.36 போகும். நான்கு சலுகைகள் போதும், அதற்குமேல் வைத்தால் வாசகர் எதையும் தேர்ந்தெடுக்காமல் பக்கத்தை மூடிவிடுவார்.

₹320: ஒரு பிரதி, இந்தியாவுக்குள் தபால் செலவு நம்முடையது. தபால் ₹60, கேட்வே ₹8, ராயல்டி ₹32 போக மிச்சம் ₹220.

₹500: எழுத்தாளர் கையெழுத்திட்ட பிரதி, நன்றிப் பக்கத்தில் வாசகர் பெயர். தபால் ₹60, கேட்வே ₹12, ராயல்டி ₹32, கையெழுத்துக்காக அவர் வந்துபோகும் செலவில் பிரதிக்கு ₹6. மிச்சம் ₹390.

₹1,500: ஐந்து பிரதிகள், ஒரே முகவரிக்கு. வாசகர் வட்டங்களையும் கல்லூரித் தமிழ்த்துறைகளையும் மனதில் வைத்தது. கூரியர் ₹150, கேட்வே ₹35, ராயல்டி ₹160 போக மிச்சம் ₹1,155.

₹2,500: கையெழுத்திட்ட இரண்டு பிரதிகள், நன்றிப் பக்கத்தில் பெயர், எழுத்தாளரோடு இணையவழியில் ஒரு மாலை உரையாடல். பத்துப் பேருக்குத்தான். தபால் ₹90, கேட்வே ₹59, ராயல்டி ₹64, கையெழுத்து ₹12, எழுத்தாளருக்கு ஆளுக்கு ₹300. மிச்சம் ₹1,975.

விலையைக் குறைத்து, ₹320 புத்தகம் ₹240-க்கு என்று கொடுக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. வேண்டாம். ₹80 குறைத்தால் ₹220 மிச்சம் ₹150-க்கும் கீழே இறங்கும், அதே தொகைக்குப் பாதிக்குமேல் கூடுதலான ஆட்களைத் தேட வேண்டியிருக்கும். தபால் இலவசம் என்பதே போதுமான சலுகை.

கோப்பை, டி-சட்டை, பை போன்றவற்றைத் தொடாதீர்கள். புத்தக விற்பனைக்காக மட்டும் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வரிக்கு உட்பட்ட பொருளை விலைவைத்து பெங்களூருக்கு ஒன்று அனுப்பினாலும் மாநிலம் தாண்டிய விற்பனையாகி, பதிவு கட்டாயமாகிவிடும். இந்த ஒரு கேள்வியை மட்டுமாவது ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பிடிஎஃப் கோப்பையும் சலுகையாகத் தராதீர்கள். புத்தகம் பைண்டிங்கில் இருக்கும்போதே அது டெலிகிராம் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும்.

## 6. அறிவிக்க வேண்டிய இலக்கு

₹320-க்கு 110 பேர், ₹500-க்கு 60 பேர், ₹1,500-க்கு 8 பேர், ₹2,500-க்கு 6 பேர் என்று எடுத்துக்கொள்வோம். கைக்கு வருவது ₹24,200, ₹23,400, ₹9,240, ₹11,850. மொத்தம் ₹68,690, நமக்கு வேண்டிய தொகை நிறைவேறுகிறது. இவர்கள் கொடுக்கும் தொகை ₹92,200. ஆகவே அறிவிக்க வேண்டிய இலக்கு ₹92,000. ₹63,500 என்று அறிவித்து, அது நிறைந்த நாளில் எல்லோரும் வாழ்த்துச் சொன்ன பிறகு இன்னும் ₹28,500 திரட்ட வேண்டியிருப்பதைக் கண்டுபிடிப்பது மிகக் கொடுமை. இலக்கு முடிந்துவிட்டது என்று பார்த்தவர்கள் அதற்குமேல் கொடுக்க மாட்டார்கள்.

எல்லோருமே ₹320 மட்டும் கொடுத்தால் 312 பேர் வேண்டும். நான்கு சலுகைகளும் சேர்ந்தால் 184 பேர் போதும். மேல்விலைச் சலுகைகளின் வேலை அதுதான்.

தொடங்குமுன் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். நீங்களோ எழுத்தாளரோ நேரில் ஃபோன் செய்து கேட்கக்கூடியவர்கள் மட்டும். "கண்டிப்பா வாங்குறேன் தோழர்" என்பவர்களில் மூன்றில் ஒருவர் பணம் கட்டுவார் என்று எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. முகநூல் விருப்பக்குறிகளை எண்ணாதீர்கள். இந்தப் பட்டியலிலிருந்தே இலக்கில் பாதி வராது என்று தெரிந்தால் தொடங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

இந்தத் திட்டத்தில் 222 பிரதிகள் வாசகர்களுக்குப் போகும். எழுத்தாளருக்கு 15, மதிப்புரைக்கு 10. பிறகு 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி என நான்கு நூலகங்களுக்கு வெளியான 30 நாட்களுக்குள் ஒவ்வொரு பிரதி. மீதி 249. கடைகளுக்கு 40 சதவீதக் கமிஷனில் கொடுத்தால் பிரதிக்கு ₹192 வரும், ராயல்டி போக ₹160. அதுவும் கடன்தான், மெதுவாகத்தான் வரும். அந்தப் பணத்தை நம்பி இந்தப் புத்தகத்தின் எந்தச் செலவையும் திட்டமிடாதீர்கள்.

## 7. எந்த மாதம்

நவம்பர், டிசம்பரில் அச்சுக்குக் கொடுக்கும்படி திட்டமிடாதீர்கள். சிவகாசியில் காலண்டர், டைரி வேலை உச்சத்தில் இருக்கும். சென்னையில் புத்தகக் காட்சிக்காக எல்லாப் பதிப்பகங்களும் அச்சகங்களை நிறைத்திருக்கும். சிறிய பதிப்பகத்தின் 500 பிரதிகள் வரிசையில் கடைசிக்குப் போய்விடும்.

ஏப்ரலில் ஆவணங்கள், ஜூன் 3 முதல் ஜூலை 7 வரை பிரசாரம், ஆகஸ்டில் அச்சு, செப்டம்பரில் அனுப்புதல் என்பது வசதியான ஓட்டம். இந்தத் தேதிகளுக்குள் இரண்டு சம்பள வாரங்கள் வருகின்றன. நடுவில் இரண்டு வாரம் பணம் வருவது நின்றதுபோல் இருக்கும், அது எல்லாப் பிரசாரத்திலும் நடப்பது. அப்போது வெளியிட அட்டைப் படம், ஓர் அத்தியாயம், எழுத்தாளரின் சிறு காணொளி என்று மூன்றை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாசகர்களிடம் "அக்டோபர் 15-க்குள்" என்று சொல்லுங்கள். செப்டம்பரில் போய்ச் சேர்ந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

## 8. பணம் வரும்போது

ஒவ்வொருவருக்கும் புத்தகத்தின் முன்பணம் என்று ரசீது அனுப்புங்கள். நன்கொடை என்ற சொல்லை எங்கும் பயன்படுத்தாதீர்கள். சிங்கப்பூர், கனடா, இலங்கை வாசகர்களிடம் வாங்கும்போது இது இன்னும் முக்கியம். வெளிநாட்டுக் குடிமகனிடம் நன்கொடை வாங்கினால் எஃப்சிஆர்ஏ சட்டம் குறுக்கே வரும். ரசீதுபோட்டுப் புத்தகம் விற்பது வியாபாரம். வெளிநாட்டுத் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டும் என்பதால் அதைத் தனியாக வாங்குங்கள், அல்லது ஒரு நகரத்தில் ஒருவருக்கு மொத்தமாக அனுப்பி அவர் மூலம் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்வேயில் வெளிநாட்டு அட்டைகளுக்கு அனுமதி தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இலக்கு எட்டாவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை முதல் நாளே பக்கத்தில் எழுதுங்கள். நம் உதாரணத்தில், டிஜிட்டல் அச்சில் 300 பிரதி பிரதிக்கு ₹110 வீதம் ₹33,000. மற்ற செலவு ₹21,000 சேர்த்து ₹54,000. கைக்கு இவ்வளவு வந்தால் 300 பிரதி அடிக்கலாம். அதற்கும் கீழே என்றால் பத்து நாளில் பணத்தைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது கேட்வே கட்டணம் பொதுவாகத் திரும்பி வராது, அது உங்கள் நஷ்டம். பிரசாரம் முடியும்வரை கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காமல் இருந்தால்தான் இது நடக்கும்.

பணம் கட்டும் படிவத்தில் பெயர், முகவரி, பின்கோடு, ஃபோன் நான்கும் கட்டாயமாக இருக்கட்டும். நன்றிப் பக்கத்துக்கான பெயரை முதலெழுத்தோடு தமிழில் அவர்களையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கேட்வேயில் ஆங்கிலத்தில் வரும் பெயரைப் பார்த்து நீங்களாகத் தமிழில் எழுதினால் கலா காலா ஆகிவிடுவார். அச்சான பிறகு அதைத் திருத்த வழியில்லை.

## 9. நன்றிப் பக்கமும் ஃபாரக் கணக்கும்

ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதிதான் ஃபாரம். ஒரு ஃபாரம் 16 பக்கம், 240 பக்கம் என்பது சரியாக 15 ஃபாரம். நாவலே 240 பக்கத்தையும் நிரப்பிவிட்டால், பெயர்ப் பட்டியலின் இரண்டு பக்கத்துக்காக அரை ஃபாரம் கூட வேண்டும். தாள், பிளேட், எடை எல்லாம் கூடும், உறையோடு 300 கிராமை நெருங்கிவிடும். எனவே நூல் விவரப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் 236-க்குள் முடித்து, கடைசி நான்கு பக்கத்தைப் பெயர்களுக்கு விடச் சொல்லுங்கள். நம் திட்டத்தில் 66 பெயர்கள், இரண்டு பத்தியில் போட்டால் இரண்டு பக்கம் போதும். பெயர் மாற்றத்துக்கான கடைசித் தேதியை எல்லோருக்கும் அனுப்பி, அதற்குப் பிறகே கோப்பை அச்சகத்துக்கு அனுப்புங்கள்.

## 10. கட்டு வந்திறங்கும்போது

பாக்கிப் பணத்தைக் கொடுக்குமுன் வெவ்வேறு கட்டுகளிலிருந்து இருபது பிரதிகளை உருவிப் பாருங்கள். பக்க எண்களை 16, 32, 48 என்று ஃபாரம் முடியும் இடங்களில் புரட்டினால், ஃபாரம் விடுபட்டதோ இரண்டுமுறை வந்ததோ உடனே தெரிந்துவிடும். நடுப் பக்கத்தில் புத்தகத்தை நன்றாக விரித்துப் பிடியுங்கள். முதுகில் படபடவென்று சத்தம் வந்து தாள் கழன்றால் பசை சரியாக ஏறவில்லை. மழைக்காலத்தில் அட்டை மேல்நோக்கிச் சுருளும், கட்டை அவிழ்க்காமல் மேலே பாரம் வைத்து இரண்டு நாள் விட்டால் பெரும்பாலும் படிந்துவிடும். பழுதான பிரதிக்கு மாற்றாக அச்சகம் கூடுதலாகப் பத்துப் பிரதி தர வேண்டும் என்பதை ஆர்டரிலேயே எழுதியிருந்தால் இந்த இடத்தில் பேச்சு வராது.

அனுப்பும்போது ஐந்து பிரதிப் பொதிகளை முதலில் முடியுங்கள், எண்ணிக்கை குறைவு. பிறகு கையெழுத்திட்ட பிரதிகள், கடைசியில் மற்றவை. கையெழுத்திட்ட பிரதிகளின் உறையில் பென்சிலால் ஒரு குறி போடாவிட்டால், ஒட்டிய பிறகு எது எதுவென்று தெரியாது. ஒவ்வொரு பொதியின் கண்காணிப்பு எண்ணையும் அன்றைக்கே அந்தந்த வாசகருக்கு வாட்ஸாப்பில் அனுப்புங்கள். 184 பொதிகளில் சில முகவரி சரியில்லாமல் திரும்பி வரும். மறுபடி அனுப்பும் செலவை ஒதுக்கிவைத்த ₹5,000-லிருந்து எடுங்கள். எல்லாம் போய்ச் சேர்ந்ததும் வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதி அத்தனை பேருக்கும் அனுப்பிவிடுங்கள்.